பாமினியில அடிச்ச அம்மா வட்ஸ்அப்பில mk;kh ஆன கதை, பதினைஞ்சு வருஷம் பாவிச்ச அனுபவம்

யாழ்ப்பாணத்தில பதினைஞ்சு வருஷமா டைப்செற்றிங் செய்யிறன். கூடுதலா அடிச்சது கல்வெட்டுத்தான், செத்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் குடுக்கிற அந்த நினைவுப் புத்தகம். எல்லாம் பாமினி ஃபொண்ட், பேஜ்மேக்கர். போன வருஷம் கனடாவில இருக்கிற அக்கா, பெரியம்மாட மகள், பெரியம்மாட கல்வெட்டில தான் எழுதின பக்கத்தைக் கேட்டா. பழைய ஃபைலைத் திறந்து கொப்பி பண்ணி குடும்பக் குறூப்பில போட்டன். அங்க வந்தது இதுதான்:

```
mk;kh nts;stj;ijapy; ,Ue;jhh;.
```

அக்கா உடன கோல் எடுத்து "தம்பி, உன்ர போனுக்கு வைரஸ் ஏதும் புகுந்திட்டுதோ" எண்டு கேட்டா. வைரஸ் இல்ல, நான் அடிச்சது உண்மையில உதுதான். கம்பியூட்டருக்குள்ள இருக்கிறது வெறும் இங்கிலீஸ் எழுத்து, பாமினி ஃபொண்ட் செய்யிறது j இருக்கிற இடத்தில த எண்ட படத்தைக் காட்டுறது, அவ்வளவுதான். j த, k ம, p எண்டா ி, o ழ, ; எண்டா புள்ளி, அப்ப jkpo; எண்டா தமிழ். வட்ஸ்அப்பில நீங்கள் ஃபொண்ட் தெரிய ஏலாது, அதால படம் கழண்டு போய் அடியில இருந்த எழுத்து வெளிய தெரியுது. கன பேர் "போனில பாமினியைப் போட்டாச் சரி வருமோ" எண்டு கேக்கினம், வராது, அந்த ஃபொண்டைத்தான் பாவிக்க வேணும் எண்டு வட்ஸ்அப்புக்கு ஆர் சொல்லுறது?

பாமினி எண்டு கண்டுபிடிக்கிறது லேசு. எழுத்துக்குப் பின்னால ; நிறைய நிக்கும், கொமா வரவேண்டிய இடத்தில > நிக்கும், ஏனெண்டா கொமா விசையில இ இருக்கு. வணக்கம் எண்டது tzf;fk; எண்டு வரும். உங்களுக்கு வந்தது ¾Á¢ú மாதிரி மேல கீழ புள்ளி வைச்ச எழுத்தா இருந்தா அது பாமினி இல்ல, அது டிஸ்கி எண்ட வேற முறை, அதுக்கு யூனிகோட் தமிழா மாத்துற கொன்வேட்டரில டிஸ்கி எண்டு தெரிய வேணும். பிழையானதைத் தெரிஞ்சா ஒரு சொல்லும் விளங்காது.

கொன்வேட்டரில போட்டா முடிஞ்சுது எண்டுதான் நானும் கன காலம் நினைச்சுக்கொண்டிருந்தன். அக்காட பக்கத்தைப் போட வந்த வரி இது:

```
அம்மா வௌ்ளவத்தையில் இருந்தாா்.
```

சும்மா பாத்தா சரி மாதிரித்தான் இருக்கும், சில போனில வித்தியாசமே தெரியாது. ஆனா வெள்ளவத்தை எண்டு தேடினா உந்த வரி வராது. அக்கா அந்தப் பக்கத்தை குடும்ப வரலாறு எண்டு ஒரு டொக்கியுமென்டில சேத்து வைச்சுட்டு, பிறகு ஒருநாள் வெள்ளவத்தை வீட்டைப் பற்றி எழுதினது எங்க எண்டு தேடி ஒண்டும் வராமல் என்னைக் கேட்டா. அப்பதான் ஒவ்வொரு எழுத்தா உடைச்சுப் பாத்தன்.

ரெண்டு பிழை, ரெண்டும் ஒரே குணம், கண்ணுக்கு ஒண்டா இருக்கிறது மெசினுக்கு ஒண்டில்ல. முதலாவது ள. பாமினியில s எண்ட ஒரே விசைதான் ளவும், ஔகாரத்தின்ர பின் துண்டும். கௌரி எண்டு அடிக்க nfsup, வெள்ளை எண்டு அடிக்க nts;is. கொன்வேட்டர் n, ஒரு எழுத்து, s எண்டு வரிசையாக் கண்ட உடன ஔகாரம் எண்டு முடிவெடுத்திடும், அப்ப கௌரி சரியா வரும், வெள்ளை வௌ்ளை ஆகும், வெளிநாடு வௌிநாடு ஆகும். இணையத்தில இலங்கைத் தமிழ் வாசிக்கிற ஆக்கள் உந்த வௌிநாட்டைக் கட்டாயம் கண்டிருப்பியள்.

ரெண்டாவது பிழை எங்கட கையால வந்தது, கொன்வேட்டரைக் குற்றம் சொல்ல ஏலாது. ர் அடிக்க u; இருக்கு, H உம் இருக்கு, ஆனா நான் பழகினது h; , அதாவது கால் போட்டு மேல புள்ளி. பேப்பரில அச்சு ஒண்டுதான், ஆரும் பிழை சொல்லேல்ல. ரிக்கும் அப்பிடித்தான், up அடிக்காமல் hp. இப்ப அதை மாத்தினா ஆசிரியர் ஆசிாியா் எண்டு வருது. இதைவிட மோசம் முன்னால கொம்பு நிண்டா. சேர்ந்து எண்டதை நான் Nrh;e;J எண்டு அடிச்சிருக்கிறன், கொன்வேட்டர் அந்தக் காலை கொம்போட சேத்து ஓகாரம் ஆக்கி சோ்ந்து எண்டு தரும். தெரியும் எண்டது தொியும் ஆகும். கால் எங்கயோ போட்டுது, ர் இல்லாமலே போட்டுது.

நல்ல காலம், உந்தச் சேர்க்கை ஒண்டும் தமிழில வராது. காலுக்கு மேல புள்ளி வாற சொல் ஒண்டும் இல்ல, ஔகாரத்துக்கு மேல விசிறி வாற சொல்லும் இல்ல. அதால கண்ணை மூடிக்கொண்டு முழு ஃபைலிலயும் மாத்தலாம். நான் நோட்பாட்++ இல ரீப்ளேஸ் ஓல் குடுக்கிறது இவ்வளவும்:

```
ா்  →  ர்
ாி  →  ரி
ோ்  →  ேர்
ொி  →  ெரி
ௌ்  →  ெள்
ௌி  →  ெளி
```

ஔகாரத்தைத் தனிய எடுத்து மாத்திடாதேங்கோ, மௌனமும் பௌர்ணமியும் கௌரியும் போயிடும். நான் ஒருக்கா அப்பிடிச் செய்து ஒரு பிள்ளையின்ர பேரைக் கெளரி ஆக்கிப்போட்டன், பிறகு ஒவ்வொண்டாத் தேடித் திருத்தினது.

இன்னொண்டு, இடையில வாற இங்கிலீஸ். கல்வெட்டில Canada எண்டு வேற ஃபொண்டில இருந்தது, கொன்வேட்டருக்கு ஃபொண்ட் தெரியாது, எல்லாத்தையும் பாமினி எண்டு எடுத்து ஊயயெனய எண்டு தந்திட்டுது. ஈமெயில் முகவரிக்கும் உதே கதி. இப்ப நான் மாத்த முதல் வேர்டில போட்டு ஃபைன்டில ஃபொண்ட் பாமினி எண்டு குடுத்து அந்தத் துண்டுகளை மட்டும் எடுக்கிறன், நேரம் பிடிக்கும், ஆனா பிறகு ஊயயெனய எங்க எங்க இருக்கு எண்டு தேடுறதை விட இது சுகம். வேர்டில பாமினி அடிக்கிற ஆக்கள் வசனத்தின்ர முதல் எழுத்தை கப்பிட்டல் ஆக்கிறதை நிப்பாட்டி வையுங்கோ, j எண்டது J ஆனா த து ஆகிடும்.

இப்ப புதுசா அடிக்கிறதெல்லாம் யூனிகோட். யூனிகோடில தமிழ் 1991இலயே வந்திட்டுது, ஆனா என்ர விரல் பாமினி விசைப்பலகையில பழகினது, அதை விட்டு வர மனமில்லாமல் இவ்வளவு காலமும் இழுத்தடிச்சன். என்எச்எம் ரைட்டரில பாமினி விசைப்பலகையே இருக்கு, அதே விசையை அடிக்க யூனிகோட் எழுத்து விழுது. முதல் கிழமை மட்டும் கஷ்டம், ஏனெண்டா h; பழக்கம் இங்க சரிவராது, ர் எண்டா u; தான். வேர்டிலயும் வட்ஸ்அப்பிலயும் அடிக்கலாம், பேஜ்மேக்கருக்கு மட்டும் யூனிகோட் விளங்காது, பழைய அச்சு வேலைக்கு இன்னும் பாமினிதான்.

பழைய ஃபைல் ஒண்டையும் அழிக்கேல்ல. மாத்தின ஃபைலுக்குப் பக்கத்திலயே பேஜ்மேக்கர் ஃபைலும் பாமினி ஃபொண்ட் ஃபைலும் ஒரே ஃபோல்டரில இருக்கு, மாத்தினதில சந்தேகம் வந்தா மூலத்தைப் பாக்கத்தானே வேணும். அக்காவுக்கு திருத்தின பக்கத்தை திரும்ப அனுப்பினன், தேடிப் பாத்திட்டு வெள்ளவத்தை மூண்டு இடத்தில வருது எண்டா.