பட்டை வரைந்து விகிதக் கணக்கு: நான்கு வருட அனுபவம்

மகளுக்கு விகிதக் கணக்கு ஆரம்பிக்கப்போகிறது, பட்டை வரையும் முறையைச் சொல்லித் தரலாமா என்று தோழி ஒருத்தி நேற்றுக் கேட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் நான்கு வருடமாக இதே முறையில்தான் சொல்லித் தருகிறேன். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். அமுதனிடமும் கயலிடமும் இருக்கும் ஸ்டிக்கர்கள் 5:3. அமுதன் 12 கொடுத்தால் இருவரிடமும் சமம். அமுதனுக்கு ஒரே அளவுள்ள 5 பெட்டியை ஒட்டி வரைந்த ஒரு பட்டை, அதன் கீழே கயலுக்கு அதே அளவில் 3 பெட்டிப் பட்டை. சமமாக வேண்டுமென்றால் ஒரே ஒரு பெட்டி கீழே இறங்கினால் போதும் என்பது வரைந்த உடனே கண்ணில் படுகிறது. ஒரு பெட்டி 12, அப்படியென்றால் 60, 36. இதை x போட்டு விளக்கியிருந்தால் என் மகன் அன்றைக்கே எழுந்து போயிருப்பான். படத்தில் பார்த்ததும் அவனே பெட்டியை அழித்துக் கீழே வரைந்தான்.

இனி என் கோபம். கணக்கைக் கொஞ்சம் மாற்றுவோம். அமுதன், கயல் 2:3. அமுதனுக்கு மேலும் 9 ஸ்டிக்கர் கிடைக்கிறது. இப்போது 5:6. முதலில் யாரிடம் எத்தனை?

பிள்ளை என்ன செய்யும்? 2 பெட்டி 5 பெட்டி ஆகிவிட்டது, கூடியது 3 பெட்டி, 3 பெட்டி 9, ஒரு பெட்டி 3. அமுதனிடம் 6, கயலிடம் 9. முழு எண்ணாக அழகாக வருவதால் சந்தேகமே வராது. ஆனால் பின்னால் கயலுக்கு 6 பெட்டி, அதாவது 18. அவளுக்குத்தான் யாரும் எதுவும் கொடுக்கவில்லையே! முன்னால் வரைந்த பெட்டியும் பின்னால் வரைந்த பெட்டியும் ஒரே அளவு என்று பிள்ளை நினைத்ததுதான் தவறு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்போது அது வேறு எப்படி நினைக்கும்? இதற்குப் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

சரியாகச் செய்ய, கயலின் பட்டையைத்தான் முதலில் வரைய வேண்டும், ஏனென்றால் அவளுடையது மாறவில்லை. முன், பின் என்று இரண்டு படம்; இரண்டிலும் கயல் பட்டை ஒரே நீளம். முன் படத்தில் அதை 3 பெட்டியாகவும் பின் படத்தில் 6 பெட்டியாகவும் பிரிக்கிறோம். அப்புறம் முன் படத்தின் ஒவ்வொரு பெட்டியையும் புள்ளிக்கோடு போட்டு இரண்டாக வெட்டினால் கயல் இரண்டிலும் 6 சின்னப் பெட்டி. அமுதனின் 2 பெட்டியும் 4 ஆகிறது. 4 இப்போது 5 ஆகியிருக்கிறது, கூடிய அந்த ஒரு பெட்டிதான் 9. முதலில் 36, 54. பின்னால் 45, 54. சரிபார்த்தால் 5:6.

கயலுக்கு 3, 6 என்று வந்ததால் வெட்டுவது சுலபம். அவளுக்கு முன்னால் 3, பின்னால் 4 என்று வந்தால்? இரண்டுக்கும் பொதுவாக 12 வேண்டும். அதாவது மீச்சிறு பொது மடங்கை முதலில் கண்டுபிடித்த பிறகுதான் படமே ஒழுங்காக வரும். யோசிக்க உதவும் என்று சொல்லித் தந்த படம், யோசித்து முடித்த பிறகு வரைகிற படமாகிவிடுகிறது. புத்தகங்களில் முடிந்த படம் மட்டும் அச்சாகியிருக்கும், வெட்டுவதற்கு முந்தைய படம் இருக்காது. நான்கு வருடமாக எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

நான் கண்ட வழி: கட்டம் போட்ட நோட்டில், மாறாத ஆளுக்கு எப்போதும் 12 கட்ட நீளம், போதாவிட்டால் 24. வரைவதற்கு முன் ஒரே கேள்வி, “எது மாறவில்லை?” ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் மொத்தம் மாறாது. வயதுக் கணக்கில் வித்தியாசம் மாறாது. அதைத்தான் முதலில் சமமாக்க வேண்டும். இந்தக் கேள்வி பழகியதும் தவறுகள் பாதிக்கு மேல் குறைந்தன.

ஒருவருக்குக் கூடி மற்றவருக்கு வேறொரு எண்ணிக்கையில் குறைகிற கணக்கில் மொத்தம், வித்தியாசம் எதுவுமே நிலையாக நிற்காது. அங்கே பட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். நான் அதை மகளுக்கு x வைத்துத்தான் சொல்லித் தந்தேன், பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

தோழிக்கு என்ன சொல்ல? 5:3 மாதிரி கணக்குகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் நேற்று இரவும் சின்னவன் நோட்டில் கயலின் 9 ஸ்டிக்கர் 18 ஆகிக் கிடந்தது. அதனால் இன்றைக்குக் கேட்டால், முன்–பின் கணக்குக்குப் பட்டை வேண்டாம், அட்டவணை போட்டுச் சொல்லிக்கொடு என்றுதான் சொல்வேன்.