"நேரடி மாற்று" என்ற பேச்சை நம்பி 2 லட்சம் போச்சு: ஐசி வாங்குபவர்கள் கவனிக்கவும்

இன்னும் கை நடுங்குகிறது, அதனால் கோர்வையாக வராது. எங்கள் கன்ட்ரோல் போர்டில் ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி போடுகிறோம். உதிரிபாகங்களை ஆன்லைனில் விற்கும் ஒரு நிறுவனத்திடம்தான் வாங்குவோம். அங்கிருந்து மெயில் வந்தது: அந்த ஐசி நிறுத்தப்படுகிறது, பழையது கைவசம் இல்லை, இதோ மாற்று, ஆர்டருக்குக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை.

போன் செய்து கேட்டேன். "சார், காலுக்குக் கால் அப்படியே உட்காரும். போர்டுல ஒண்ணும் மாத்த வேண்டாம். எத்தனை வருஷமா நம்மகிட்ட வாங்குறீங்க, உங்களுக்குத் தப்பானதைச் சொல்வேனா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு வருடத் தேவையை மொத்தமாக, 2 லட்சத்துக்கு எடுத்தேன்.

கால்கள் பொருந்தின, உண்மைதான். ஆனால் போர்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. ஆஸிலோஸ்கோப்பை வைத்தால், நேர்கோடாக இருக்க வேண்டிய 3.3 வோல்ட் மேலும் கீழும் ஆடுகிறது. காரணம் அவுட்புட் கெபாசிட்டர். பழைய ஐசி செராமிக் கெபாசிட்டரோடு நிலையாக நிற்கும். இந்த மாற்று நிற்க வேண்டுமானால் கெபாசிட்டருக்குள் ஓரளவு உள்தடை (ஈஎஸ்ஆர்) இருந்தாக வேண்டும், அதாவது டான்டலம் மாதிரி. செராமிக்கில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. "ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்ற பேச்சு இங்கேயே பொய்.

இதைவிட வயிறு எரிந்தது பிறகுதான். தயாரிப்பாளர் வெளியிட்ட நிறுத்த அறிவிப்பைத் தேடி எடுத்தேன். அதில் கடைசி ஆர்டர் தேதிக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது! சிப் துறையினர் பின்பற்றும் ஜெடெக் தரநிலையே அறிவிப்பிலிருந்து கடைசி ஆர்டருக்குக் குறைந்தது 6 மாதம், கடைசி டெலிவரிக்கு 12 மாதம் என்றுதான் சொல்கிறது. வெள்ளிக்கிழமை இவர்களாக வைத்த தேதி. தயாரிப்பாளர் பரிந்துரைத்த மாற்றும் வேறு ஐசி. தேங்கிக் கிடந்த சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேட்டால், "டெக்னிகல் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். அப்புறம், "டேட்டாஷீட் பார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு." கடைசியில், "ரத்தும் இல்லை, ரிட்டர்னும் இல்லை என்று இன்வாய்ஸிலேயே இருக்கிறதே." பேசியவர் இப்போது போனையே எடுப்பதில்லை. 2 லட்சத்துக்குச் சரக்கு பிரிக்காத ரீல்களாக அலமாரியில் கிடக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. விற்பவர் மெயிலை நம்பாதீர்கள், தயாரிப்பாளரின் அறிவிப்பையே பிடிஎஃப்பாகக் கேளுங்கள். கடைசி ஆர்டர் தேதி வேறு, கடைசி டெலிவரி தேதி வேறு, இரண்டையும் பாருங்கள். ரெகுலேட்டர் என்றால் டேட்டாஷீட்டில் அவுட்புட் கெபாசிட்டர் பகுதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். முதலில் பத்து ஐசி வாங்கிப் போர்டில் ஓட்டுங்கள். அதற்கே அவகாசம் தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.