நாலு டிக்கெட், ஒரே கியூஆர்: தம்புள்ளைக்கு மேட்ச் பார்க்கப் போய் ஏமாந்த கதை

திருமலை ஆக்களுக்குக் கிட்ட இருக்கிற சர்வதேச மைதானம் தம்புள்ளை ரங்கிரி அரங்குதான். கந்தளாய், ஹபரணை வழியாக நூறு கிலோமீற்றர் சொச்சம். கொழும்புக்குப் போகிற 49ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் மூன்று மணித்தியாலத்தில் தம்புள்ளை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கலாம். அதனால்தான் பெரிய யோசனை எதுவும் இல்லாமல் கிளம்பினோம். நான், மச்சான், அவனுடைய கூட்டாளி ஒருத்தர், அக்காவின் பன்னிரண்டு வயது மகன், மொத்தம் நாலு பேர். ஏழு மணிக்குத் தொடங்கும் இருபது ஓவர் மேட்ச்.

டிக்கெட்டைக் கண்டுபிடித்தது மச்சான். இணையத்தில் நாங்கள் விரும்பிய ஸ்டாண்ட் முடிந்திருந்தது. பேஸ்புக் குழு ஒன்றில் ஒருவர் எழுதியிருந்தார்: "கலியாண வீடு ஒண்டு வந்திட்டுது, போக ஏலாமப் போச்சு. நாலு டிக்கெட் இருக்கு, வாங்கின விலைக்கே தாறன்."

அந்த "வாங்கின விலைக்கே"யில்தான் விழுந்தோம். கூடச் சொல்லியிருந்தால் கள்ள மார்க்கெட்காரன் என்று யோசித்திருப்போம். நட்டப்படுகிற மனுஷனுக்கு நாங்கள் உதவி செய்கிற மாதிரியல்லவா இருந்தது! டிக்கெட்டின் படத்தை முதலிலேயே அனுப்பினார், கியூஆரை மட்டும் பாதி மறைத்து. "காசு விழுந்ததும் முழுசா அனுப்புறன் அண்ணை, இப்ப காட்டினா வேற ஆக்கள் எடுத்திடுவினம்." இவ்வளவு கவனமான ஆள் கள்ளனாக இருக்க மாட்டான் என்று மச்சான் சொன்னான். எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஒன்று 2,500, நாலுக்கும் 10,000 ரூபா. வங்கிக் கணக்கின் பெயர் பேஸ்புக் பெயராக இல்லை. கேட்டதற்குத் தம்பியின் கணக்கு என்றார். செயலி வழியாகப் போட்டேன், ஐந்து நிமிடத்தில் பீடீஎஃப் வந்தது. கையில் டிக்கெட் இருந்ததால் அதற்குப் பிறகு யாரும் அவருக்கு மெசேஜ் போடவில்லை. அவர் எங்களை ப்ளொக் பண்ணியிருந்ததே மேட்சன்று வாசலில்தான் தெரிந்தது.

வாசலில் முதலில் என்னுடையதை ஸ்கேன் பண்ணினார்கள். மெஷின் ஒரு மாதிரிக் கத்தியது. அங்கே நின்ற பெடியன் நல்லவன், எரிந்து விழாமல் திரையைத் திருப்பிக் காட்டினான். இந்தக் கோட் 5.52க்கே உள்ளே போய்விட்டது. சரி, என்னுடையதில்தான் பிழை என்று மருமகனுடையதை நீட்டினேன். அதுவும் 5.52. மச்சானுடையதும், கூட்டாளியுடையதும் அதே 5.52. அப்போதுதான் விளங்கியது, நாலு பேரும் நாலு டிக்கெட் வைத்திருக்கவில்லை. யாரோ வாங்கிய ஒரு டிக்கெட்டின் படத்தில் ஆசன எண்ணை மட்டும் மாற்றி நாலாக்கியிருக்கிறார்கள். அந்த ஒன்றையும் எத்தனை பேருக்கு விற்றார்களோ தெரியாது.

வரிசையை விட்டு ஒதுங்கி நின்றுகொண்டு செய்த வேலையை வீட்டிலேயே செய்திருக்கலாம். ஃபோன் கமராவைக் கியூஆர் மேல் பிடித்தால் எழுத்தும் இலக்கமுமாக ஒரு கோவை வரும். நாலு டிக்கெட் என்றால் அது நாலு விதமாக இருக்கவேண்டும். எங்களுடையதில் நாலிலும் கடைசி எழுத்துவரை ஒன்றேதான் வந்தது. ஆனால் இந்தப் பரிசோதனை பிடிப்பது எங்களை ஏமாற்றியவனைப் போன்ற சோம்பேறிக் கள்ளனை மட்டும்தான். உண்மையான நாலு டிக்கெட்டை வாங்கி அதே பீடீஎஃப்பைப் பத்துக் குடும்பத்துக்கு விற்றால், பத்துப் பேரின் ஃபோனிலும் எல்லாம் சரியாகவே தெரியும். மெஷினுக்கு ஆளைத் தெரியாது. அந்த இலக்கத்தை முதலில் காட்டுபவரை உள்ளே விடும், பிறகு வருபவரை மறிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே மற்றவர் கையிலிருந்து வாங்குவதென்றால் எனக்கு இப்போது இரண்டே வழிதான் தெரிகிறது. டிக்கெட் விற்ற இணையத்தளத்திலேயே பெயர் மாற்றும் வசதி இருந்தால், அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படி மாற்றும்போது புதிய கோட் பிறந்து பழையது செத்துப்போகவேண்டும். வெறுமனே ஈமெயிலை ஃபோர்வார்ட் பண்ணுவது பெயர் மாற்றம் ஆகாது. அந்த வசதி இல்லையென்றால் அரங்க வாசலுக்கு வரச் சொல்லி, கோட் ஸ்கேன் ஆகி நீங்கள் உள்ளே காலை வைத்த பிறகு காசைக் கொடுங்கள். இரண்டுக்கும் ஒத்துவராதவரிடம் வாங்காதீர்கள், அவருடைய வீட்டில் எத்தனை கலியாணம் நடந்தாலும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கவுண்டரில் வேறொரு ஸ்டாண்டுக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்டாண்ட் முடிந்ததைப் பார்த்துவிட்டு மேட்சுக்கே டிக்கெட் இல்லை என்று நாங்களாக முடிவுகட்டியிருந்தோம். நாங்கள் கொடுத்ததில் பாதி விலையும் இல்லை. ஆறு ஓவர் முடிந்த பிறகு உள்ளே போய் உட்கார்ந்தோம். மேட்சைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை, நான் அதைப் பார்த்தேன் என்று சொல்லவும் முடியாது.

உண்மையில் பெரிய அடி டிக்கெட்டில் இல்லை, ரூமில். அது பின்னேரமே நடந்துவிட்டது. புக்கிங் செயலியில் 8,000 ரூபாவுக்கு ஒரு விடுதி எடுத்திருந்தோம், அரங்கிலிருந்து 600 மீற்றர் என்று போட்டிருந்தது. முதல்நாள் விடுதிக்காரர் மச்சானுக்குப் போன் எடுத்து, செயலியில் ஏதோ பிரச்சினை, நீங்கள் அதில் கேன்சல் பண்ணுங்கள், ரூம் உங்களுக்குத்தான், காசை நேரில் தந்தால் கொஞ்சம் குறைத்தும் தருகிறேன் என்றிருக்கிறார். இவனும் பண்ணிவிட்டான். போய் நின்றபோது விலை 18,000. மேட்ச் நாள், விருப்பமென்றால் இருங்கள், இல்லையென்றால் வெளியில் ஆள் நிற்கிறது என்றார். செயலியைத் திறந்தால் அங்கே பதிவே இல்லை. வாடிக்கையாளர் தானாகவே ரத்துச் செய்தார் என்றிருக்கிறது. விடுதிக்காரர் ரத்துச் செய்திருந்தால் செயலிக்காரரிடம் மாற்று ரூம் கேட்டிருக்கலாம், புகாரும் கொடுத்திருக்கலாம். விடுதிக்காரர் வாயால் என்ன சொன்னாலும் உங்கள் விரலால் அந்த பொத்தானை அழுத்தாதீர்கள். அவரையே ரத்துச் செய்யச் சொல்லுங்கள்.

அந்த 600 மீற்றரும் காகம் பறக்கிற கணக்கு. ரங்கிரி அரங்கு குளத்தோரம் இருக்கிறது. வரைபடத்தில் விடுதிக்கும் அரங்குக்கும் நேர்கோடு போட்டால் பக்கத்தில்தான், ஆனால் இடையில் தண்ணீர். வீதியால் சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்கு மேல். செயலி காட்டும் தூரத்தை நம்பாமல், வரைபடத்தில் நடைபாதை போட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ரோசம் வந்தது. 18,000 கொடுப்பதைவிட இரவோடு இரவாக வீட்டுக்குப் போவோம் என்று தீர்மானித்தேன். இது என் பிழை, வேறு யாரையும் சொல்வதற்கில்லை. கணக்கைப் பாருங்கள். இருபது ஓவர் மேட்சில் ஓர் இன்னிங்ஸுக்கு 85 நிமிடம், இடைவேளை 20 நிமிடம். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் 10.10 ஆகும். சும்மா ரிவ்யூ, காயம் என்று இழுபட்டாலே பத்தரை. சனம் கரைந்து வீதிக்கு வரப் பதினொன்று. அந்த நேரத்தில் திருமலைக்குத் தம்புள்ளையிலிருந்து புறப்படுகிற பஸ் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து வருகிற இரவு பஸ்ஸை மறிக்கவேண்டியதுதான், அதுவும் அங்கிருந்தே நிரம்பித்தான் வருகிறது.

வாசலில் நின்ற ஓட்டோக்காரர் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு 1,500 கேட்டார். PickMe திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஒரே நேரத்தில் அத்தனை ஆயிரம் பேரும் ஃபோனை எடுத்தால் சிக்னல் கோடு காட்டும், அழைப்புப் போகாது. கடைசியில் மருமகனைத் தூக்கியும் நடத்தியும் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பஸ் நிற்காமலே போனது. ஒரு ஓட்டோக்காரர் 15,000க்குத் திருமலைக்கே கொண்டுபோய் விடுவதாகச் சொல்ல, பக்கத்தில் நின்ற வயதான சாரதி அவரைச் சிங்களத்தில் ஏசினார். எனக்கு விளங்கியது ஒரு சொல்தான், "அலி". யானை.

ஒன்று இருபதுக்குக் கிடைத்த பஸ்ஸில் கந்தளாய் வரைக்கும் நின்றுகொண்டு வந்தோம். ஹபரணை தாண்டிக் காட்டுப் பகுதியில் சாரதி திடீரென்று வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். முன்னால் தனியன் ஒன்று வீதியை மறித்து நின்றது. பத்து நிமிடம் அப்படியே இருந்தோம். பஸ்ஸுக்குள் இருந்த எங்களுக்கே நெஞ்சு அடித்தது, மூன்று சில்லில் வந்திருந்தால்?

பிறகு ஊரில் வான் ஓட்டுகிற ஒரு அண்ணையிடம் இதைச் சொன்னேன். "தம்புள்ளைச் சாரதியைப் பிடிச்சா அவன் திருமலையில உன்னை விட்டுட்டு வெறும் வானோட திரும்பவேணும், அந்தக் காசும் உன்ர தலையிலதான். இஞ்ச இருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போனா அவனும் எப்பிடியும் வீட்டை வரவேணும், விட்டிட்டு ஓட மாட்டான்" என்றார். நாலு பேருக்கு வான் அதிகம்தான், எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு அவ்வளவு வராது. சாரதியிடம் மேட்ச் முடிய ஃபோன் எடுக்கிறேன் என்று சொல்லி இறங்காதீர்கள். வாசலுக்குத் தள்ளி ஒரு கடையையோ சந்தியையோ காட்டி, "பதினொன்றுக்கு இதிலே" என்று நேரத்தையும் பேசிவிட்டு இறங்குங்கள். வரும்போது வானை ஹபரணைப் பக்கம் முகம் பார்க்க நிறுத்தச் சொன்னால் இன்னும் நல்லது.

காசு விஷயம். அடுத்தநாள் காலை வங்கிக்குப் போனேன். கணக்கில் விழுந்த காசு, நான் போட்ட அன்றிரவே எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஏமாந்தது தெரிந்த உடனேயே, அது நடுச்சாமமாக இருந்தாலும், வங்கியின் அவசர இலக்கத்துக்குச் சொல்லவேண்டுமாம். எனக்கு மேட்சன்றுதான் தெரிந்தது, அதற்குள் பத்து நாள். பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். பணம் போட்ட ரசீது, வட்ஸ்அப் உரையாடல், பேஸ்புக் பக்கத்தின் முகவரி மூன்றையும் அச்செடுத்துக் கொண்டுபோனதால் வேலை சுகமாக முடிந்தது. பெயரைவிட அந்தப் பக்கத்தின் முகவரிதான் முக்கியம் என்றார் எழுதிய உத்தியோகத்தர், பெயரை அவன் நாளைக்கே மாற்றிவிடுவான்.

மாற்றியும் விட்டான். நேற்று அதே குழுவில் வேறு பெயர், வேறு படம். இந்தமுறை கலியாணம் இல்லை, ஆஸ்பத்திரி. "போக ஏலாமப் போச்சு. நாலு டிக்கெட் இருக்கு, வாங்கின விலைக்கே தாறன்."