300 மி.மீ. லென்ஸில் எடுத்த மீன்கொத்தி: கிராப் செய்த படத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்?

நான்கு ஆண்டுகளாக 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸைப் போட்டுப் பறவைகளை எடுத்துவருகிறேன். பறவைகளுக்கு 300 எப்போதுமே போதாது. அதனால் மீதித் தூரத்தை டிஜிட்டல் ஜூமில் கடப்பதா, பிறகு கிராப் செய்வதா என்ற கேள்வி முதல் நாளே வந்துவிட்டது.

ஒரு கழியில் அடிக்கடி வந்து உட்காரும் மீன்கொத்தியை வைத்து இரண்டையும் பார்த்தேன். பறவை ஒரு சாண் நீளம். நான் நின்றது 20 மீட்டர் தள்ளி. 6000 x 4000 பிக்சல் உள்ள படத்தில் அது ஏறத்தாழ 900 பிக்சல்தான் வந்தது. பிறகு கேமராவின் 2x டிஜிட்டல் ஜூமைப் போட்டேன். பறவை 1800 பிக்சலாக நிறைந்து தெரிந்தது, கோப்பும் அதே 24 மெகாபிக்சல்தான். ஆனால் கேமரா செய்தது என்னவென்றால், நடுவிலிருந்த 3000 x 2000 பகுதியை வெட்டியெடுத்து, இடையிடையே பிக்சல்களை ஊகித்து நிரப்பியதுதான். அலகின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. பெரிதாக்கிய பிறகு கேமரா கூர்மையை ஏற்றியதன் அடையாளம் அது. கழுத்து இறகுகளில் புதிதாக ஒரு இழைகூடத் தெரியவில்லை.

அதே பகுதியை, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பிலிருந்து நானே கிராப் செய்தபோது விவரம் அதே அளவுதான் கிடைத்தது. ஆனால் வெள்ளைக் கோடு இல்லை, சட்டத்தை எங்கே வெட்டுவது என்பதும் என் கையில் இருந்தது. பறவை திடீரென்று பறந்தால்கூட சிறகு சட்டத்துக்குள் இருக்கும். என் கேமராவில் ரா வடிவை வைத்தால் டிஜிட்டல் ஜூமே வேலை செய்யாது. பல கேமராக்களில் இப்படித்தான். நான் அதை அணைத்துவிட்டு இன்றுவரை தொடவில்லை.

ஆப்டிகல் ஜூம் வேறு கதை. 600 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதே இடத்திலிருந்து பறவை உண்மையாகவே 1800 பிக்சல் வரும். லென்ஸ் இல்லாவிட்டால், மெதுவாக நகர்ந்து 10 மீட்டருக்குப் போனாலும் அதே 1800 கிடைக்கும். ஒரு விடியற்காலையில் அப்படிப் போய் எடுத்த படத்தில் கண்ணைச் சுற்றியிருந்த சிறு இறகுகளை எண்ண முடிந்தது.

சரி, கிராப் செய்ததை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்? பிக்சல் எண்ணிக்கையை அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள். 3000 பிக்சல் அகலத்தை 10 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல். கையில் பிடித்து உற்றுப் பார்க்கலாம். 15 அங்குலத்தில் 200. கை நீட்டும் தூரத்தில் குறை தெரியாது. நான் 18 x 12 அங்குலத்தில் போட்டேன், அங்குலத்துக்குச் சுமார் 167 பிக்சல். சுவரில் மாட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்றால் நன்றாகவே இருக்கிறது. பேராசையில் இன்னொரு படத்தை 2000 பிக்சல் அகலத்துக்கு வெட்டி அதே அளவில் போட்டேன். அங்குலத்துக்கு 111தான். மார்பு இறகுகள் ஈரத் தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி ஒட்டிக்கொண்டன.

இந்தக் கணக்கெல்லாம் படம் பிக்சல் அளவில் கூர்மையாக இருந்தால்தான் செல்லும். பெரும்பாலும் காலை வாருவது இந்த இடம்தான். கிராப் செய்யும்போது பறவையோடு கை நடுக்கமும் பெரிதாகிறது. 300 மி.மீ.க்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும் என்று நினைத்திருந்தேன். 100 சதவீதத்தில் திறந்தால் பறவையின் கண்ணில் விழுந்த ஒளிப்புள்ளி சிறு கோடாக இழுபட்டிருந்தது. முழுப் படமாகப் பார்த்தபோது அது தெரியவே இல்லை. பாதி அகலத்துக்கு வெட்டப்போகிறோம் என்றால் 600 மி.மீ. லென்ஸைப் பிடித்திருப்பதாகவே எண்ணி, 1/1000க்குக் குறையக் கூடாது. இப்போது நான் 1/1600 வைக்கிறேன். புள்ளி புள்ளியாகவே நிற்கிறது.

படத்தில் மணல் மணலாகத் தெரியும் இரைச்சலும் அப்படித்தான். பாதி அகலம் என்றால் சென்சாரின் கால் பரப்புதான் மிஞ்சுகிறது. ஐஎஸ்ஓ 800இல் எடுத்தது, அதே அளவு அச்சில், கிராப் செய்யாத 3200 படத்தின் மணலைக் காட்டும். அதனால் மங்கலான மாலைகளில் எடுத்ததை நான் 12 அங்குலத்துக்கு மேல் கொண்டுபோவதில்லை.

பெரிய அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்கிறேன். படத்தை 18 x 12 அளவுக்கு மென்பொருளில் பெரிதாக்கி, கண்ணும் அலகும் உள்ள 6 x 4 அங்குலத் துண்டை மட்டும் வெட்டி, சாதாரண சிறிய பிரிண்டாகப் போட்டுப் பார்ப்பேன். அதைச் சுவரில் ஒட்டி, வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணைச் சுற்றியுள்ள இறகுகள் பிரிந்து தெரியவில்லையென்றால் அடுத்த சிறிய அளவுக்கு இறங்கிவிடுவேன்.