பித்தளை வார்ப்புக்கு "கணக்குப் போட்ட எடை"யில் பணம் கொடுக்காதீர்கள்: நான் ஏமாந்த கதை

எங்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு பழைய குத்துவிளக்கு. மேல் தண்டு, தட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது, அடிப்பாகம் மட்டும் விரிசல் விட்டு ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து போய்விட்டது. அதே மாதிரி அடிப்பாகம் ஒன்று வார்த்து வாங்கலாம் என்று பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பட்டறைக்காரர் உடைந்த இடத்தை மெழுகு வைத்து நிரப்பி, பழைய அடிப்பாகத்தை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினார். வழிந்த தண்ணீரை அளந்து, "ஆயிரத்து ஐந்நூறு மில்லி சார், நூறு கிராம் கூடக் குறைய பதிமூன்றரை கிலோ வரும்" என்றார். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம், சுத்தமான பித்தளை, கிலோ 950 ரூபாய், மொத்தம் 12,825. தண்ணீரில் முக்கி அளக்கும் ஆள் ஏமாற்ற மாட்டார் என்று நானாகவே நினைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். பழைய அடிப்பாகத்தை எடை போட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து வேலை முடிந்து வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வரும் வழியில் தெரிந்த பழைய இரும்புக் கடையில் சும்மா தராசில் வைத்தால் 11.6 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு கிலோவைக் காணோம், ரூபாய்க் கணக்கில் 1,805. போன் பண்ணினேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், "துத்தநாகம் உருக்கும்போது வெள்ளைப் புகையாப் போயிடும் சார், அதான் எடை குறைஞ்சிருக்கு, நீங்க வேணா வந்து பாருங்க" என்றார்.

புகை உண்மைதான். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும், பித்தளை உருகுவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான், அதனால் மூசையிலிருந்து கொஞ்சம் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போகத்தான் செய்யும். ஆனால் அச்சில் ஊற்றுவது எடை பார்த்து அல்ல, இடம் நிறைகிற வரைக்கும். துத்தநாகம் போனால் மூசையில் மிச்சம் இருப்பதில் செம்பின் பங்கு கூடியிருக்கும், செம்புதான் இரண்டில் கனமானது (ஒரு கன சென்டிமீட்டருக்கு செம்பு 8.96 கிராம், துத்தநாகம் 7.14). ஆக, அவர் சொல்கிறபடி புகை போயிருந்தால் அதே அச்சில் வந்த விளக்கு இம்மி அளவாவது கனம் கூடத்தான் இருக்கும். குறைவதற்கு வழியே இல்லை. இதை இரவு படுத்திருக்கும்போதுதான் யோசித்தேன், அதன் பிறகு தூக்கம் வரவில்லை.

அவருடைய பதிமூன்றரை எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1,500 × 8.96 = 13,440 கிராம். மனிதர் முழுக்க முழுக்கச் செம்பு என்று கணக்குப் போட்டு, அதையும் மேலே இழுத்து முழுமையாக்கி, பித்தளை என்று எனக்கு விற்றிருக்கிறார்.

சரி, இப்போது என் முறை என்று நானும் கணக்கில் இறங்கினேன். அங்கேதான் நான் சறுக்கினேன். இந்தப் பதிவை எழுத முக்கியக் காரணமே அதுதான்.

முதலில் புது விளக்கின் உண்மையான அடர்த்தியைக் கண்டுபிடித்தேன். மீன்காரர் வைத்திருப்பது போன்ற தொங்கு டிஜிட்டல் தராசு, நைலான் கயிறு, பெரிய அண்டா, இவ்வளவு போதும். காற்றில் 11.60 கிலோ. தண்ணீருக்குள் முழுதாக மூழ்கித் தரையைத் தொடாமல் தொங்கும்போது 10.17. அடிப்பாகம் கீழே குழிவாக இருக்கும் என்பதால் அதைக் கவிழ்த்து முக்கி, உள்ளே காற்று தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கணக்கே தப்பு. தண்ணீருக்குள் குறைந்த எடை 1.43 கிலோ, அதாவது விளக்கின் கன அளவு 1,430 கன சென்டிமீட்டர். 11,600-ஐ 1,430-ஆல் வகுத்தால் 8.11.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த கலவைக் கணக்கு. பங்கு எடையில் சொல்லப்பட்டிருப்பதால் அடர்த்திகளை அப்படியே சராசரி எடுக்கக் கூடாது, ஒவ்வொன்றும் பிடிக்கும் இடத்தைக் கூட்ட வேண்டும்:

```
70:30   0.7/8.96 + 0.3/7.14 = 0.12014   ->  1/0.12014 = 8.32
60:40   0.6/8.96 + 0.4/7.14 = 0.12299   ->  1/0.12299 = 8.13
```

பார்த்தீர்களா, என் அளவு 8.11, கணக்கில் 60:40-க்கு 8.13. அச்சடித்த மாதிரிப் பொருந்துகிறது! செம்பைக் குறைத்து விலை மலிவான துத்தநாகத்தைக் கூட்டிவிட்டார் என்று முடிவு கட்டி, நேராகப் பட்டறைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது சத்தம் போட்டேன். அவர் மகன் நிதானமாக, "எந்தக் கடையில வேணா சோதிச்சுக்கங்க அண்ணே, அறுபது நாற்பது இல்ல" என்றான். அந்தத் தைரியம் எனக்கு உறுத்தியது.

நகைக்கு டச் பார்க்கும் கடையில் எக்ஸ்-ரே மெஷின் வைத்திருக்கிறார்கள், தங்கம் மட்டுமல்ல, செம்பு, துத்தநாகம், ஈயம் எல்லாம் காட்டும். அங்கே வைத்துப் பார்த்தால் செம்பு அறுபத்தெட்டுக்குக் கொஞ்சம் மேலே, மிச்சம் பெரும்பாலும் துத்தநாகம். அவர் சொன்னதற்கு ரொம்ப தூரமில்லை. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு வார்ப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் காகிதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மாப்ள, இந்தக் கணக்கு எண்ணெயும் தண்ணியும் மாதிரி தனித்தனியா நிக்கிற சரக்குக்கு. பித்தளையில துத்தநாகம் செம்புக்குள்ள போய் நெருங்கி உக்காந்துக்கும்" என்றார். துத்தநாகம் தனியாக இருக்கும்போது அதன் அணுக்கள் அடுக்கி நிற்கும் விதம் கொஞ்சம் தளர்வானது. செம்பின் அணுக்களோடு சேர்ந்து அதன் அடுக்குக்குள் போகும்போது அந்த அளவு இடம் அதற்குத் தேவைப்படுவதில்லை. அதனால் இரண்டும் தனித்தனியாகப் பிடித்த இடத்தின் கூட்டுத்தொகையைவிடப் பித்தளை பிடிக்கும் இடம் இரண்டரை மூன்று சதவீதம் குறைவு, அந்த அளவுக்கு அடர்த்தி கூட. உலோகப் பட்டியல்களில் 70:30 பித்தளைக்குப் போட்டிருப்பது 8.53, என் கணக்கில் வந்த 8.32 இல்லை. 60:40-க்கு 8.39. (இன்னொரு வேடிக்கை: 70:30-க்கு அடர்த்திகளைத் தப்பாக நேர்ச் சராசரி எடுத்தால் 8.41 வரும், அது சரியான முறையைவிட உண்மைக்குக் கிட்டே இருக்கிறது. தற்செயல்தான், நம்பிவிடாதீர்கள்.)

இப்போது யோசித்துப் பாருங்கள். செம்பை அறுபதுக்கு இறக்கினாலும் 8.39-க்குக் கீழே போகாது. அப்படியென்றால் 8.11 என்று வருவதற்குப் பங்கு காரணமே இல்லை, உள்ளே உலோகம் இல்லாத இடம் இருக்க வேண்டும். எவ்வளவு? 1,430 × 8.5 = 12,155 கிராம் இருந்திருக்க வேண்டும், இருப்பது 11,600. குறைவது 555 கிராம். அதை 8.5-ஆல் வகுத்தால் 65 கன சென்டிமீட்டர். முக்கால் டீ கிளாஸ் அளவுக்கு விளக்குக்குள் வெறும் பொந்து.

வீட்டுக்காரி புளி போட்டுத் தேய்த்தபோது அது வெளிப்பட்டது. மொத்தமும் தங்கம் மாதிரி மின்ன, அடிப்புறத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம் மட்டும் மங்கலாகவே நின்றது. கோணி ஊசியால் குத்தினேன், உள்ளே இறங்கியது. பித்தளைத் தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மேலே மெருகு போட்டிருக்கிறார்கள். அடைப்பைத் தோண்டி எடுத்துவிட்டு பத்து மில்லி சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றினால், ஆறு முறை முழுதாகப் போய் ஏழாவது முறை பாதியில் வழிந்தது.

எப்படி வந்தது என்று மாமா சொன்னார். கனமான நடுப்பகுதி கடைசியாகத்தான் உறையும், உறையும்போது சுருங்கும். அந்த நேரத்தில் மேலே தேக்கி வைத்திருக்கும் உருகிய உலோகம் இறங்கி அந்தக் குறையை நிரப்ப வேண்டும். தேக்கத்தைச் சிறிதாக வைத்தால் உலோகமும் எரிபொருளும் மிச்சம், ஆனால் நடுவில் பொந்து விழும். பொந்து விழுவது எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியது என்பதால் அதற்காக நான் கோபப்படவில்லை. தெரிந்தே பசை வைத்து அடைத்ததும், புகை என்று கதை விட்டதும்தான் அயோக்கியத்தனம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கிலோவும் பொந்தால் போகவில்லை. பழைய விளக்கையே மண்ணில் பதித்து அச்செடுத்தார்கள், பித்தளை உறைந்து ஆறும்போது நீளத்தில் ஒன்றரை சதவீதம் சுருங்கும், கன அளவில் அது கிட்டத்தட்ட நாலரை சதவீதம். அதனால்தான் 1,500 என்பது 1,430 ஆனது. அசல் அளவே வேண்டுமென்றால் கொஞ்சம் பெரிதாக மர மாதிரி செய்து அச்செடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனாலும் பழைய கன அளவை வைத்தே பில் போட்டார்.

நீங்களும் இதே சோதனையைச் செய்தால் இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். பொந்து வெளியே திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும், அடர்த்தி சரியாகவே காட்டும், அதனால் இது மூடிய பொந்தை மட்டும்தான் பிடிக்கும். அதேபோல 70:30-க்கும் 60:40-க்கும் வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம்தான் மேலே, பத்து கிராம் துல்லியத் தராசில் பத்துப் பதினைந்து கிராம் பிசகினாலே ஒரு சதவீதம் தப்பிவிடும், போதாததற்கு மலிவுப் பித்தளையில் இரண்டு மூன்று சதவீதம் ஈயம் கலந்துவிட்டால் (ஈயம் 11.3) அடர்த்தி மறுபடி 8.5-க்கு ஏறி நல்ல சரக்கு மாதிரியே நிற்கும். பங்கு தெரிய வேண்டுமென்றால் டச் கடைக்குத்தான் போக வேண்டும்.

பட்டறைக்காரர் ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்தார், அதற்கே நாலு தடவை நடந்தேன். பிறகு வேறொரு இடத்தில், செய்து முடித்த பொருளைத் தராசில் வைத்து அந்த எடைக்கு மட்டும் பணம் என்று முதலிலேயே பேசிக் கொடுத்தோம், பழைய விளக்கையே மாதிரியாக வைத்து. 12.15 கிலோ வந்தது. அதையும் அண்டாவில் முக்கிப் பார்த்தேன், 8.5. பழைய தண்டு அதன்மேல் சரியாக உட்கார மட்டும் கொஞ்சம் அரம் போட வேண்டியிருந்தது.