முடி உதிர்வுக்கு முழு பேக்கேஜ் எடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

ரெண்டு மாசச் சம்பளம். முன்பணமா, ஒரே தவணையில கட்டினது. போயிடுச்சு. கோபம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன், ஆறிட்டா நாசூக்கா எழுதத் தோணிடும்.

கடை பேரைச் சொல்லப் போறதில்லை. தலைச்சருமத்துக்கும் முடி உதிர்வுக்கும் மட்டும்னு நடத்துற சலூன் வகை. கிளினிக் கிடையாது. ஆனா உள்ள எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு.

எனக்கு உச்சந்தலையில ஒரு இடத்துல முடி குறைஞ்சிட்டே வந்தது. அரிப்பு, எரிச்சல், சீப்பு பட்டாலே வலி. முதல் நாளே இதைச் சொன்னேன். சின்னக் கேமராவைத் தலையில வச்சு ஸ்கிரீன்ல பெருசாக் காட்டினாங்க. முடி அடியில சிவந்திருந்தது, ஒவ்வொரு முடியையும் சுத்தி வெள்ளையா செதில். நடுவுல தோல் வழவழன்னு, ஒரு துவாரம்கூட இல்லாம. "எண்ணெய்ப் பிசுக்கு அடைச்சிருக்கு மேடம். கிளீன் பண்ணினா உள்ள தூங்கற வேர் எழுந்துக்கும், 30 நாள்ல புது முடி பார்ப்பீங்க"ன்னாங்க.

நான் நம்பினது அந்த ஸ்கிரீனை மட்டும் பார்த்து இல்ல. ஒரு ஆல்பம் காட்டினாங்க. பிரசவத்துக்கு அப்புறம் நெத்தி ஓரமெல்லாம் கொட்டிப்போன ஒரு பொண்ணு, பேக்கேஜ் முடிஞ்சப்போ தலை நிறைய முடியோட நிக்கிறா. படம் பொய்யில்ல. ஆனா பிரசவமோ கடும் காய்ச்சலோ வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்தா கொட்டும், பெரும்பாலும் அடுத்த சில மாசத்துல தானாவே திரும்ப வளரும். அந்த நேரத்துல யார் எதைத் தடவினாலும் பேர் அவங்களுக்குத்தான். இது எனக்கு அப்புறம் தோல் டாக்டர் சொல்லித் தெரிஞ்சது. ரெண்டு மாசச் சம்பளத்தைக் கட்டும்போது அந்த ஆல்பம்தான் கண்ணு முன்னாடி இருந்தது.

ஆவி பிடிச்சாங்க, சீரம் போட்டாங்க, சிவந்த இடத்து மேலேயே ஊசி உருளையை ஓட்டினாங்க. எரிச்சல் கூடுச்சு. கேட்டா "வேலை செய்யுது மேடம், அதான் எரியுது." வழுக்கை இடம் பெருசாச்சு. "பழைய முடி விழுந்தாத்தான் புதுசு வரும்." அப்புறம் "டென்ஷன் ஆகாதீங்க, டென்ஷன்லயே கொட்டும்." கடைசியில மேனேஜர் ஃபோனையே எடுக்கல.

தோல் டாக்டர் லென்ஸ் வச்சுப் பார்த்ததுமே சந்தேகப்பட்டார். சின்னதா தோல் துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். லைக்கன் பிளானோபிலாரிஸ். உடம்போட எதிர்ப்பு சக்தியே முடிக்குழியைத் தாக்குது, குழி இருந்த இடத்துல தழும்பு உண்டாகுது. தழும்பான இடத்துல முடி திரும்ப வராது. மருந்தால மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம், அவ்வளவுதான். முடியைச் சுத்தின செதில், சிவப்பு, துவாரம் இல்லாத வழவழப்புன்னு சந்தேகம் வர வேண்டிய அடையாளம் எல்லாமே அவங்க ஸ்கிரீன்ல முதல் நாளே இருந்தது. "இது எங்க வேலை இல்லை, டாக்டரைப் பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தனை மாசத்துக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிச்சிருக்கும்.

ரிப்போர்ட்டோட போய் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதில் என்ன தெரியுமா? "நாங்க டாக்டர் இல்லையே மேடம், இது பியூட்டி சர்வீஸ்தானே." பணம் வாங்கும்போது டாக்டர், திருப்பிக் கேட்டா பியூட்டி பார்லர்! ரெண்டு மாசச் சம்பளத்துக்குப் பதிலா ஹேர் ஸ்பா கூப்பன் தர்றாங்களாம்.

இந்தத் தொழிலே மோசடின்னு நான் சொல்லல. செதில் குறையும், பிசுக்கு போகும், முடி உடையறது குறையும், இருக்கற முடி அடர்த்தியாத் தெரியும். இவ்வளவுதான் எங்களால ஆகும்னு போர்டு வச்சிருந்தாலும் அதுக்குன்னு காசு கொடுத்து வர்றவங்க இருக்காங்க. நானே போயிருப்பேன். ஆனா அந்தப் போர்டுக்கு ரெண்டு மாசச் சம்பளம் கேக்க முடியாதே.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், பொறுமை இல்ல. வட்டமா, திட்டுத்திட்டா கொட்டுதா, வலி, எரிச்சல், சீழ் இருக்கா, புருவமும் கொட்டுதா, குழந்தை தலையில செதிலோட திட்டு இருக்கா, நேரா தோல் டாக்டர்கிட்ட போங்க. 30 நாள்ல புது முடின்னு சொன்னா எழுந்து வந்திடுங்க, முடி மாசத்துக்கு சுமார் 1 செ.மீ.தான் வளரும். மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க. கேமராவுல எடுத்த படத்தை அன்னைக்கே உங்க ஃபோனுக்கு அனுப்பச் சொல்லுங்க. என்னுது கேட்டேன், "சிஸ்டம்ல அழிஞ்சிடுச்சு"ங்கிறாங்க.