நாலு பேட்டரி, மூணு இணைப்பு: 12, 24, 48 வோல்ட்டில் எது தேறும்?

கையில் 12 வோல்ட், 150 ஏ.எச். லெட்-ஆசிட் டியூபுலர் பேட்டரி நாலு இருக்கின்றன. இன்வெர்ட்டர் இனிமேல்தான் வாங்கவேண்டும். நாலையும் பேரலலாகப் போட்டால் 12 வோல்ட். இரண்டிரண்டாக சீரிஸில் கோத்து, அந்த இரண்டு வரிசைகளையும் பேரலலாக்கினால் 24. நாலையும் ஒரே வரிசையில் கோத்தால் 48.

சீரிஸில் வோல்ட் கூடும், ஏ.எச். அப்படியே இருக்கும். பேரலலில் ஏ.எச். கூடும், வோல்ட் அப்படியே இருக்கும். 1000 வாட் லோடுக்கு, இன்வெர்ட்டரில் 10% வீணாகிறது என்று வைத்தால் கணக்கு இப்படி வரும்:

| இணைப்பு | வோல்ட் | ஏ.எச். | மெயின் கேபிளில் ஓடுவது | மெயின் ஃபியூஸ் |
|---|---|---|---|---|
| நாலும் பேரலல் | 12 | 600 | 93 ஆம்ப்ஸ் | 150 ஆம்ப்ஸ் |
| இரண்டு சீரிஸ், இரண்டு வரிசை | 24 | 300 | 46 ஆம்ப்ஸ் | 80 ஆம்ப்ஸ் |
| நாலும் சீரிஸ் | 48 | 150 | 23 ஆம்ப்ஸ் | 40 ஆம்ப்ஸ் |

600 ஏ.எச். என்றதும் பேக்கப் நாலு மடங்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. வோல்ட்டை ஏ.எச்.சால் பெருக்கிப் பாருங்கள், மூன்றிலும் 7200 வாட்-மணிதான். பாதிக்கு மேல் இறக்காமல் வைத்துக்கொண்டால் 3600. இன்வெர்ட்டர் தின்றது போக 3240 மிஞ்சும். 150 ஏ.எச். என்பது 20 மணி நேரம் மெதுவாக, அதாவது 7.5 ஆம்ப்ஸில் இறக்கினால் கிடைக்கும் அளவு. இங்கே அதைவிட வேகமாக இறங்குவதால், 1000 வாட்டுக்கு 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே எதிர்பார்க்கலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று: பேட்டரிக்கு விழும் பாரமும் மூன்றிலும் ஒன்றுதான். பேரலலில் 93 ஆம்ப்ஸை நாலு பேட்டரி பங்கிட்டால் ஆளுக்கு 23. சீரிஸில் அதே 23 நாலுக்குள்ளும் வரிசையாக ஓடுகிறது. ஆகவே "இந்த இணைப்பில் பேட்டரி நீடித்து உழைக்கும்" என்பதற்கு அடிப்படை இல்லை, பங்கீடு சரியாக இருக்கும்வரை. வித்தியாசம் கேபிளிலும், பங்கீடு கெடும் விதத்திலும்தான் இருக்கிறது.

முதலில் கேபிள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு 2 மீட்டர் தூரம், 25 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் என்று எடுத்துக்கொள்வோம். போக வர 4 மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 2.8 மில்லி ஓம். 12 வோல்ட்டில் 93 ஆம்ப்ஸ் ஓடும்போது இதில் மட்டும் 0.26 வோல்ட் விழும், 24 வாட் சூடாகப் போகும். 48 வோல்ட்டில் அதே கேபிளில் 1.5 வாட்தான் வீணாகும். கேபிளைவிட அதன் முனையில் அழுத்திப் பொருத்தும் லக்குகள்தான் சீக்கிரம் பிரச்சினை செய்யும். சரியாக கிரிம்ப் ஆகாத லக் 23 ஆம்ப்ஸில் வெதுவெதுப்பாக இருக்கும். 93 ஆம்ப்ஸில் அதன் சூடு 16 மடங்காகி, இன்சுலேஷனை உருக்கும்.

அடுத்தது பங்கீடு. நாலு பேரலலில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, இன்வெர்ட்டருக்குப் போகும் பிளஸ், மைனஸ் இரண்டையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுப்பது. பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ் 5 மில்லி ஓம், ஒவ்வொரு இணைப்புக் கேபிளும் அதன் லக்குகளும் சேர்ந்து 0.5 மில்லி ஓம் என்று வைத்துக் கணக்கிட்டால், 93 ஆம்ப்ஸும் சமமாகப் பிரிவதில்லை. முதல் பேட்டரி 36, அடுத்தது 24, பிறகு 18, கடைசி 15. முதல் பேட்டரி கடைசியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உழைக்கிறது. சார்ஜ் ஏறும்போதும் அதுவே அதிகம் வாங்குகிறது. அது மற்றவற்றுக்கு முந்திச் சாகும்போது "பேட்டரி சரியில்லை" என்று பெயர் வாங்கும். பிளஸ்ஸை முதல் பேட்டரியிலும் மைனஸை கடைசியிலும் குறுக்காக எடுத்தால் 25, 21, 21, 25 என்று ஓரளவு சமப்படும். எல்லாக் கேபிளும் வந்து சேரும் உலோகப் பட்டையான பஸ்பார் வைத்து ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரே நீளக் கேபிள் கொடுத்தால் முழுச் சமம் கிடைக்கும்.

24 வோல்ட்டில் இரண்டே வரிசை என்பதால், குறுக்காக எடுத்தாலே பங்கு சமமாகிவிடும். இந்த இணைப்பின் பெரிய லாபம் இதுதான்.

48-ல் ஆம்ப்ஸ் பங்கீடு என்ற பேச்சே இல்லை. அங்கே வோல்ட் பங்கீடு கெடும். சார்ஜர் 57.6 வோல்ட் கொடுக்கும்போது ஆளுக்கு 14.4 கிடைக்கவேண்டும். ஒரு பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகி அது 12.3-லேயே நின்றால், மற்ற மூன்றும் 15.1-க்கு ஏறும். மொத்தம் அப்போதும் 57.6தான், சார்ஜருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மூன்றும் கொதித்து, தண்ணீர் வற்றும். இறங்கும்போதும் இதே கதை: மூன்று 11.8-ல் இருக்க, ஒன்று 8.6-க்குச் சரிந்தால் மொத்தம் 44. இன்வெர்ட்டர் 42-ல்தான் கட் செய்யும் என்றால், அதுவரை பலவீனமானதைப் பிழிந்துகொண்டே இருக்கும். ஆகவே 48 போடுகிறவர் மாதம் ஒருமுறை, சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில், ஒவ்வொரு பேட்டரியின் டெர்மினலிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும், அல்லது பேட்டரி பேலன்சர் போடவேண்டும். மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதால் பயனில்லை. 32 வோல்ட் என்று குறித்த கார் ஃபியூஸையும் இதில் போடக் கூடாது. ஃபியூஸ் அறுந்த இடைவெளியில் தாவும் டி.சி. ஆர்க் தானாக அணையாது. 58 வோல்ட்டுக்கு மேல் டி.சி.க்கு என்று குறித்த ஃபியூஸே வேண்டும்.

1000 வாட் அளவுக்கு என் தேர்வு 24. 48-ல் ஒன்று செத்தால் மிஞ்சும் 36 வோல்ட்டில் இன்வெர்ட்டர் ஓடாது. 24-ல் கெட்ட வரிசையைக் கழற்றிவிட்டு, பாதி நேரத்துக்காவது ஓட்டலாம். அதற்காகவே ஒவ்வொரு வரிசையின் பிளஸ்ஸிலும் தனி ஃபியூஸும் ஐசொலேட்டரும் வேண்டும்; செல் ஷார்ட் ஆன வரிசையைக் கழற்றாமல் விட்டால் நல்ல வரிசை அதற்குள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், அந்த அளவுக்கு ஃபியூஸ் போகாது. லோடு 2000 வாட்டைத் தாண்டினால் 48 பக்கம் போவதே சரி. நாலு பேரலலை இன்வெர்ட்டர் ஏற்கெனவே 12 வோல்ட்டாக இருந்தாலன்றி நான் சொல்லமாட்டேன்.

24-ஐக் கோக்கும்போது: நாலு பேட்டரியையும் முதலில் தனித்தனியே முழு சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்து, வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். 0.5 வித்தியாசத்தில் இரண்டை நேராகப் பேரலலாக்கினால், 10 மில்லி ஓம் வழியே தொட்ட கணத்தில் 50 ஆம்ப்ஸ் பாயும். சீரிஸ் இணைப்புகளை முடித்து, இரண்டு வரிசையின் மொத்த வோல்ட்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகே பேரலலாக்குங்கள். ரவுட்டருக்கு 12 வேண்டும் என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுக்காதீர்கள். அந்த ஒன்று தினமும் பின்தங்கி, அதன் ஜோடி ஓவர்சார்ஜ் ஆகும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் டி.சி. கன்வெர்ட்டர் போதும்.

லோடு கொடுத்து, டி.சி. கிளாம்ப் மீட்டரால் இரு வரிசைகளையும் அளந்து பாருங்கள். 46 ஆம்ப்ஸில் 23, 23 வந்தால் சரி. 28-ம் 18-மாக வந்தால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் குறைவாக ஓடும் வரிசையின் லக்குகளைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருப்பதைக் கழற்றித் தேய்த்து முறுக்குங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால்தான் அந்த வரிசையில் ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட்டையும் லோடிலேயே அளக்கவேண்டும்.